ஏழு விநாடி தாமதத்தில் கைமாறிய முதல் பரிசு

தொடங்கியவர்:
டிக்கெட் போட்டு ஆன்லைன் வினாடி வினா நடத்தி வருகிறேன். போன மாதம் நடந்ததை எழுதுகிறேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் சொல்லுங்கள்.

ஒரு வாசகர் குழுவுக்கான நிகழ்வு. 140 டிக்கெட் விற்றுவிட்டது, ஆனால் எங்கள் வீடியோ அழைப்பில் 100 பேருக்குத்தான் இடம். மீதி 40 பேருக்கு அதையே நேரலையாக ஒளிபரப்பினோம். கேள்வி என் திரையில் வரும், எல்லோரும் அவரவர் கைபேசியில் விடையைத் தொடுவார்கள். மொத்தம் 30 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 20 விநாடி. சீக்கிரம் தொட்டால் மதிப்பெண் கூடும். முதல் பரிசு ஸ்பான்சர் கொடுத்தது.

முடிந்த அன்று இரவே, நேரலையில் இருந்த ஒரு அம்மா எழுதினார்: "நான் 29 கேள்விக்குச் சரியாகச் சொல்லியிருக்கிறேன். முதலிடம் வந்தவருக்கு 26 என்றுதான் திரையில் காட்டினீர்கள். எனக்கு எப்படிப் பதினெட்டாம் இடம்?"

அவர் யோசித்து நிதானமாகத் தொட்டிருப்பார் என்று நினைத்து, அப்படியே பதிலும் அனுப்பிவிட்டேன். அந்தப் பதிலை அனுப்பியிருக்கக் கூடாது. மறுநாள் மனம் கேட்காமல் முடிவு அறிக்கையை எக்செல் கோப்பாக இறக்கிப் பார்த்தேன். யார், எந்தக் கேள்விக்கு, எத்தனை விநாடி எடுத்தார் என்பது அதில் இருக்கும். அந்த அம்மாவின் ஆக வேகமான விடைகூட 10 விநாடி. சரியா தவறா என்று கேட்ட மிக எளிய கேள்விக்கும் அப்படித்தான். நேரலையில் இருந்த மற்றவர்களையும் பார்த்தேன். ஒருவருக்குக்கூட 9 விநாடிக்குக் கீழே எதுவும் இல்லை. அழைப்பில் இருந்தவர்களோ சர்வசாதாரணமாக 3, 4 விநாடியில் தொட்டிருக்கிறார்கள்.

நேரலை சில விநாடி தாமதமாகப் போய்ச் சேர்ந்ததால், கேள்வி அவர்கள் கண்ணில் படும் முன்பே கடிகாரம் ஓடத் தொடங்கியிருக்கிறது.

நிறுவன நிகழ்வுகள் நடத்துபவர்:
இது பலருக்கும் நடக்கிறது, பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. கணக்கைப் போட்டுப் பார்த்தால் எவ்வளவு பெரிய அநியாயம் என்று தெரியும். கஹூட் என்ற வினாடி வினாச் செயலி தன் மதிப்பெண் கணக்கை வெளிப்படையாகவே சொல்கிறது. எடுத்த நேரத்தைக் கேள்விக்கான நேரத்தால் வகுத்து, அதில் பாதியை 1-லிருந்து கழித்து, கேள்வியின் மதிப்பெண்ணால் பெருக்க வேண்டும். நீங்கள் பயன்படுத்தியதும் இதே முறை என்று வைத்துக்கொள்வோம், ஒரு கேள்விக்கு அதிகபட்சம் 1000.

அழைப்பில் இருந்தவர் 4 விநாடியில் தொட்டால் 900. நேரலையில் இருப்பவர் அதே வேகத்தில் யோசித்தாலும் கடிகாரத்தில் 11 விநாடி ஆகியிருக்கும். அவருக்கு 725. இப்போது பெருக்கிப் பாருங்கள். 26 சரியான விடைக்கு 23,400. அந்த அம்மாவின் 29-க்கு 21,025. மூன்று கேள்வி கூடுதலாகத் தெரிந்தும் இரண்டாயிரத்துக்கு மேல் பின்தங்கிவிட்டார். இருவருக்கும் கேள்வி ஒரே நேரத்தில் தெரிந்திருந்தால் அவர் 26,100-இல் நின்றிருப்பார்.

இனிமேல் கேள்வியும் விடைகளும் அவரவர் கைபேசியிலேயே தோன்றும்படி அமைப்பை மாற்றிவிடுங்கள். அப்போது ஒளிபரப்பு பின்னால் வந்தாலும் கடிகாரத்தைப் பாதிக்காது. ஒரு குறை உண்டு. தொகுப்பாளர் கேள்வியைச் சொல்லி முடிப்பதற்குள் நேரலைக்காரர்கள் விடையே தொட்டிருப்பார்கள், அவருடைய பேச்சு அவர்களுக்குப் பழைய செய்திபோல் வரும்.

புதியவர்:
அண்ணா, இதற்கு இவ்வளவு தேவையா? யூடியூபில் நேரலை தொடங்கும்போதே தாமத அளவை மிகக் குறைவாக வைக்க முடியும். நான் அப்படித்தான் வைக்கிறேன், இதுவரை ஒரு புகாரும் வந்ததில்லை.

நிறுவன நிகழ்வுகள் நடத்துபவர்:
வைக்கலாம் தம்பி, தாமதம் நிச்சயம் குறையும். ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில் குறையாது. இணைப்பு சற்றுத் திணறினாலும் படம் நின்று, திரும்ப வரும்போது அவர் மட்டும் பின்தங்கியிருப்பார். நடுவில் ஒருமுறை நிறுத்திவிட்டு ஓட்டினாலும் அப்படியே. புகார் வரவில்லை என்றால் யாரும் பாதிக்கப்படவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் அறிக்கையிலும் ஒவ்வொருவருடைய ஆகக் குறைந்த நேரத்தை மட்டும் ஒரு வரிசையாக எடுத்துப் பாருங்கள். 30 கேள்வியில் ஒன்றையாவது எவரும் சட்டென்று தொடுவார்கள். அந்தக் குறைந்த நேரமே 7, 8 விநாடி என்றால் அவர் தாமதமாகப் பார்த்தவர்.

இன்னொரு உறுப்பினர்:
எங்களுக்கும் டிக்கெட்டில்தான் பிரச்சினை. ஒருவர் ஒரு டிக்கெட் வாங்கி, ஆறு பேர் ஒரே அறையில் உட்கார்ந்து ஆடினார்கள், பரிசும் அவர்களுக்கே போனது. தனியாக ஆடியவர்கள் கொதித்துவிட்டார்கள். இப்போது தனி நபர் டிக்கெட், அணி டிக்கெட் என்று பிரித்து, இரண்டுக்கும் தனித்தனிப் பரிசு வைத்திருக்கிறேன். நீங்களும் அப்படிப் பிரித்தால் சரியாகும்.

தொடங்கியவர்:
அது வேறு சிக்கல் என்றாலும் எனக்குப் பயன்படும், நன்றி. இங்கே எல்லோரும் தனியாகத்தான் ஆடினார்கள்.

நேரலைக்காரர்களின் நேரத்திலிருந்து 7 விநாடியைக் கழித்து, மறுபடி மதிப்பெண் போடலாமா என்று யோசித்தேன். அறிக்கையைப் பார்த்தபின் விட்டுவிட்டேன். சிலருக்குத் தாமதம் 6 விநாடிபோல் தெரிந்தது, சிலருக்கு 14. எந்த எண்ணைக் கழித்தாலும் யாருக்காவது அநியாயம்தான். சரியான விடைகளை மட்டும் எண்ணினால் அந்த அம்மா தனியாக முதலிடம். ஆனால் வேகத்துக்கு மதிப்பெண் உண்டு என்று விதிமுறையில் எழுதித்தான் டிக்கெட் விற்றோம், அறிவித்த வெற்றியாளர் மேல் எந்தத் தவறும் இல்லை. அவரிடமிருந்து பரிசைப் பிடுங்க மனம் வரவில்லை. ஸ்பான்சர் இரண்டாவது பரிசு தர மறுத்துவிட்டார். டிக்கெட் பணத்திலிருந்து அதே பரிசை வாங்கி அந்த அம்மாவுக்கு அனுப்பினேன், 140 பேருக்கும் நடந்ததை எழுதினேன். அன்றைய நிகழ்வில் எங்களுக்கு மிச்சம் ஒன்றுமில்லை.

குழு நிகழ்வுத் தொகுப்பாளர்:
நான் வேகத்துக்கு மதிப்பெண் கொடுப்பதையே நிறுத்திவிட்டேன். ஆனால் அப்புறம் சமநிலை நிறைய வருகிறது. ஒருமுறை நாலு பேர் சமமாக நின்றார்கள். குலுக்கல் போட்டு ஒருவரைத் தேர்ந்தெடுத்தேன்.

நிறுவன நிகழ்வுகள் நடத்துபவர்:
கட்டண நிகழ்வில் குலுக்கல் வேண்டாம், தயவுசெய்து. நுழைவுக் கட்டணம், பரிசு, அதிர்ஷ்டம் மூன்றும் சேர்ந்தால் பல நாடுகளில் அதை லாட்டரியாகவே சட்டம் பார்க்கும். அறிவுப் போட்டி அறிவாலேயே முடிய வேண்டும். எண் விடை உள்ள ஒரு கேள்வியைத் தயாராக வைத்திருங்கள், யாருக்கும் துல்லியமாகத் தெரியாததாக. எல்லோரும் ஒரே நேரத்தில் எழுதி அனுப்பட்டும், மிக நெருங்கியவருக்குப் பரிசு. இதையும் டிக்கெட் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.

புதியவர்:
வேகம் இல்லை என்றால் எல்லோரும் தேடிப் பார்த்து எழுதிவிடுவார்களே? அதற்குப் பயந்துதான் நான் வேகத்தை விடவில்லை.

குழு நிகழ்வுத் தொகுப்பாளர்:
அந்தப் பயம் எனக்கும் உண்டு. படத்தின் ஒரு மூலையை மட்டும் காட்டுவது, மூன்று குறிப்புகளை இணைக்கச் சொல்வது என்று கேள்விகளை மாற்றினேன். ஓரளவுக்குக் குறைந்தது, முழுக்க இல்லை. இரண்டுக்கும் நடுவில் எனக்கு இன்னும் வழி பிடிபடவில்லை.

தொடங்கியவர்:
எனக்கு இன்னொரு கேள்வி மனதில் இருக்கிறது. 14 விநாடி பின்தங்கியவர்களுக்கு யோசிக்க 6 விநாடிதான் கிடைத்திருக்கிறது. அறிக்கையில் அவர்கள் பெயருக்கு நேராகப் பல கேள்விகளில் விடையே இல்லை, வெறும் கட்டங்கள். அந்தக் கேள்விகளுக்கு அவர்களுக்கு விடை தெரியுமா தெரியாதா என்பதை எந்த எண்ணிக்கையும் சொல்லாது. அப்படி ஏழு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதா, அடுத்த நிகழ்வுக்கு இலவசமாக அழைப்பதா? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?