கிவ்அவேக்குப் பிறகு ஏறிய ஃபாலோயர்கள்: எத்தனை பேர் தங்கினார்கள்? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

சுங்குடி வீடு

மதுரையில் சுங்குடிப் புடவைகள் வாங்கி இன்ஸ்டாகிராமில் விற்கிறேன். போன மாதம் 2 புடவை பரிசாக வைத்து கிவ்அவே நடத்தினேன். பக்கத்தை ஃபாலோ செய்ய வேண்டும், கமென்டில் மூன்று தோழிகளை டேக் செய்ய வேண்டும், அவ்வளவுதான். 4,200 ஆக இருந்த ஃபாலோயர்கள் 7,100 ஆனார்கள். பரிசு அறிவித்த அன்றும் மறுநாளும் ஒரு கூட்டம் கிளம்பிப் போனது, இப்போது 6,600-இல் நிற்கிறது.

பார்த்தால் நல்ல லாபம் போலத்தான் இருக்கிறது. ஆனால் சாதாரணப் புடவைப் படத்துக்கு முன்பு 210 லைக் வந்தது, இப்போது 235 வருகிறது. ஸ்டோரி பார்ப்பவர்கள் 520-இலிருந்து 600. எங்கேஜ்மென்ட் கணக்குப் போட்டால் ஐந்து சதவீதம் மூன்றரைக்கு வந்துவிட்டது. என் பக்கம் படுத்துவிட்டதா, இல்லை இது இயல்புதானா? இதே மாதிரி பார்த்தவர்கள் எப்படிப் புரிந்துகொண்டீர்கள்?

பொடிக்கடை

அக்கா, எனக்கும் நடந்தது. என் பெயரிலேயே ஒரு எழுத்து மாற்றிப் போலிக் கணக்கு திறந்து, கமென்ட் போட்டவர்களுக்கெல்லாம் "நீங்கள்தான் வெற்றியாளர், டெலிவரிக்குப் பணம் அனுப்புங்கள்" என்று மெசேஜ் அனுப்பினார்கள். இரண்டு வாடிக்கையாளர்கள் பணமும் அனுப்பிவிட்டார்கள். உடனே ஸ்டோரியில் எச்சரிக்கை போடுங்கள்.

சுங்குடி வீடு

ஐயோ, பாவம். எனக்கு அது நடக்கவில்லை தம்பி. அடுத்த முறை பரிசுப் பதிவிலேயே "பணம் கேட்க மாட்டோம்" என்று எழுதிவிடுகிறேன். நான் கேட்டது வந்தவர்கள் நிற்பார்களா என்பது.

ரீல் ராஜா

இதில் யோசிக்கவே வேண்டாம். சும்மா இருக்கும் 2,000 பேரையும் ஒரே ராத்திரியில் ரிமூவ் செய்துவிடுங்கள். அவர்கள் லைக் போடாததால்தான் அல்காரிதம் உங்களை அமுக்குகிறது. பழைய வாடிக்கையாளர்களுக்கும் உங்கள் போஸ்ட் போகாது. சதவீதம் விழுவதுதான் அதற்கு அடையாளம்.

கணக்குப்பிள்ளை

சகோ, பாதி சரி. வராதவர்கள் இருப்பதால் சதவீதம் விழும், அது உண்மை. ஆனால் அந்த விழுக்காட்டை வைத்துப் பழைய வாடிக்கையாளர்கள் போய்விட்டார்கள் என்று சொல்ல முடியாது. அவருடைய லைக் குறையவில்லை, 25 ஏறியிருக்கிறது. வகுக்கும் எண்தான் பெரிதாகிவிட்டது. பழையவர்கள் மொத்தமாக விலகியிருந்தால் 210-க்குக் கீழே இறங்கியிருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

அல்காரிதம் விஷயத்தில், இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரி 2021-இலேயே விளக்கி எழுதியிருக்கிறார். ஃபீடு, ஸ்டோரி, எக்ஸ்ப்ளோர், ரீல்ஸ் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரிசை. ஃபீடில் ஒருவருக்கு எது முன்னால் வரும் என்பதில், அவர் அந்தப் பக்கத்தோடு முன்பு எவ்வளவு பழகியிருக்கிறார் என்பதும் சேரும். ஆகவே பரிசுக்காக வந்து ஒன்றும் தொடாதவர் கண்ணிலிருந்து நீங்கள் மெல்ல மறைவீர்கள். அன்றாடம் விலை கேட்கும் அக்காவுக்கு அதனால் நீங்கள் மறைய வேண்டியதில்லை.

சுங்குடி வீடு அக்கா, சதவீதத்தை விட்டுவிட்டு ஆட்களை எண்ணுங்கள். Accounts Center-இல் உங்கள் தகவல்களைத் தரவிறக்கும் வசதி இருக்கிறது. அதில் followers_1.html என்று ஒரு கோப்பு வரும். ஒவ்வொருவரும் எந்தத் தேதியில் ஃபாலோ செய்தார் என்பது அதில் இருக்கும். தேதி வரம்பு கேட்கும்போது முழுக் காலத்தையும் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் பட்டியல் அரைகுறையாக வரும். போனவர்கள் பெயர் அதில் இருக்காது, இப்போது இருப்பவர்கள் மட்டும்தான்.

பிறகு பரிசோ தள்ளுபடியோ இல்லாத நான்கு ஸ்டோரி போடுங்கள், சில நாள் இடைவெளி விட்டு. பார்த்தவர்கள் பட்டியல் 48 மணி நேரத்துக்குப் பிறகு கிடைக்காது, அதற்குள் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். கிவ்அவே நாட்களில் வந்த பெயர்களில், நான்கில் இரண்டிலாவது தென்படுபவர் தங்கியவர். ஒரே ஒரு முறை பார்த்தவரைச் சேர்க்காதீர்கள், விரல் தவறிக்கூடப் போயிருக்கும்.

மாடித்தோட்டம்

எனக்கு வேறு மாதிரி அனுபவம். நாட்டுக் கத்தரி, வெண்டை விதைப் பொட்டலம்தான் பரிசாக வைத்தேன். டேக் கேட்கவில்லை, "உங்கள் மாடியில் எது வரவே மாட்டேன் என்கிறது?" என்று மட்டும் கேட்டேன். 180 பேர்தான் ஏறினார்கள். ஆனால் மாவுப்பூச்சி பற்றிய அடுத்த பதிவில் அவர்களே வந்து சண்டை போட்டார்கள், வேப்பெண்ணெயா சோப்புத் தண்ணீரா என்று! விதை கிடைத்தால் விதைக்கிறவர்கள் மட்டும்தான் வந்திருக்கிறார்கள். செல்போன் பரிசு வைத்திருந்தால் செடியே வைக்காதவர்களும் வந்திருப்பார்கள்.

சுங்குடி வீடு

கணக்குப்பிள்ளை அண்ணா சொன்னபடி செய்து பார்த்தேன். இரண்டு மாலை உட்கார்ந்து பெயர் பெயராக ஒப்பிட வேண்டியிருந்தது, ஆனால் வந்த விவரம் என் மனக்குழப்பத்தைத் தீர்த்தது.

கிவ்அவே நாட்களில் வந்து இன்னும் இருப்பவர்கள் 2,400 பேர். அதில் 110 பேர் இரண்டு ஸ்டோரியிலாவது தென்பட்டார்கள். அப்புறம் தேதிவாரியாகப் பிரித்தேன். முதல் இரண்டு நாளில் வந்து இருப்பவர்கள் 600 பேர், அவர்களில் 80 பேர் பார்க்கிறார்கள். மூன்றாம் நாளிலிருந்து வந்த 1,800 பேரில் 30 பேர்தான். மூன்றாம் நாள் என்ன நடந்தது என்று தேடினேன். கிவ்அவேக்களை மட்டுமே தொகுத்துப் போடும் ஒரு பெரிய பக்கம் என் பதிவைப் பகிர்ந்திருக்கிறது. இன்சைட்ஸில் சென்னை, மதுரை, கோவைக்கு நடுவே திடீரென்று டெல்லியும் கொல்கத்தாவும் வந்ததற்கும் அதுதான் காரணமாக இருக்க வேண்டும். அந்த 1,800-இல் சிலரைத் திறந்து பார்த்தேன். சொந்தப் படம் ஒன்றுகூட இல்லை, ஃபாலோ செய்யும் பக்கங்கள் ஆயிரக்கணக்கில்.

கணக்குப்பிள்ளை

அப்படியென்றால் உங்களுக்கு வந்தது இரண்டு கூட்டம் அக்கா. உங்கள் வாடிக்கையாளர்கள் டேக் செய்து கூட்டி வந்த தோழிகள் ஒன்று, பரிசு தேடி ஊர் ஊராகப் போகிறவர்கள் இன்னொன்று. தோழிகளில் எட்டுப் பேருக்கு ஒருவர் பார்க்கிறார். மற்றதில் அறுபதுக்கு ஒருவர். அந்த இரண்டாம் கூட்டம் பெரும்பாலும் அன்ஃபாலோகூடச் செய்யாது, அடுத்த பரிசுக்காகச் சும்மா கிடக்கும். அதனால் அன்ஃபாலோ குறைவாக இருக்கிறது என்று பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

ரீல் ராஜா

அதைத்தான் அண்ணா நானும் சொல்கிறேன். அந்த 1,800-ஐ நீக்கினால் என்ன நஷ்டம்?

கணக்குப்பிள்ளை

நஷ்டம் பெரிதாக இல்லை. ஒரே மூச்சில் நூற்றுக்கணக்கில் நீக்கினால் கணக்குக்குத் தற்காலிகத் தடை விழலாம், அதைக் கவனியுங்கள். நீக்கியதால் ரீச் ஏறியது என்று என்னிடம் சிலர் சொன்னதுண்டு. அதே வாரத்தில் அவர்கள் நல்ல ரீலும் போட்டிருந்தார்கள், எதனால் ஏறியது என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

மாடித்தோட்டம்

நான் ஒரு முறை 300 பேரை மெதுவாக நீக்கினேன். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பக்கம் சின்னது என்பதாலும் இருக்கலாம்.

சுங்குடி வீடு

நான் இப்போது யாரையும் நீக்கவில்லை. அந்த 110 பேரில் 9 பேர் விலை கேட்டார்கள், 2 பேர் வாங்கினார்கள். ஒருவர் தன் அம்மாவுக்கும் சேர்த்து எடுத்தார். மீதிப் பேர் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறார்கள். பொங்கலுக்குப் புதுச் சரக்கு போடும்போது, ஆர்டர் பட்டியலை இந்தப் பெயர்களோடு வைத்துப் பார்த்து இங்கேயே எழுதுகிறேன். அடுத்த கிவ்அவேயை இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்றிருக்கிறேன், அந்தத் தொகுப்புப் பக்கங்கள் கண்ணில் படுவதற்குள். அப்படிக் குறுகலாக நடத்திப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?