மகள் 'ட' சொன்னால் 'ற' போல விழுகிறதாம், உதவி தேவை (டர்பன்)

சாட்ஸ்வொர்த் அம்மா:
வணக்கம். மகளுக்கு 'ட' சரியாக வரவில்லை. ஒப்பித்தல் போட்டிக்கான ஒத்திகையில் கேட்டவர், "இது ட இல்லை, ற மாதிரி விழுகிறது" என்று சொல்லிவிட்டார். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கிறது. சனிக்கிழமை போட்டி. என்ன செய்யலாம்?

ரோஸ்ஹில் வாசி:
அக்கா, மொரீஷியஸில் எங்கள் பிள்ளைகளுக்கும் இதே தொல்லைதான். கிரியோல், பிரெஞ்சு இரண்டிலும் நாக்கு பல்லில் ஒட்டிக்கொண்டே இருக்கும். 'பட்டு' என்று எழுதிக் கொடுத்தால் 'பத்து' என்று படிப்பார்கள். நாக்கைப் பல்லிலிருந்து எடுத்து மேலே வைக்கச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

ஒலிப்பெட்டி:
எந்தச் சொல் என்று சொல்லவில்லையே. தனி 'ட'வா, 'ட்ட'வா? வீட்டில் என்ன மொழி? 'ழ' வருமா?

மலர்:
என் தம்பிக்கும் இப்படித்தான் இருந்தது. நாக்குக்கு அடியில் தசை ஒட்டியிருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள்.

இலக்கணச் செம்மல்:
தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்று ஓர் இயலே இருக்கிறது. தகரத்துக்கு நாநுனி பரந்து பல்லின் அடியில் படும். டகரத்துக்கு நாநுனி அண்ணத்தில் படும். இதைப் படிக்காமல் பிள்ளையை மேடையேற்றினால் இப்படித்தான் வந்து நிற்கும்.

சாட்ஸ்வொர்த் அம்மா:
வேலையிடத்திலிருந்து எழுதுகிறேன், மன்னிக்கவும். சொல் 'பட்டு'. 'கட்டி', 'எட்டு' இவற்றிலும் அப்படித்தானாம். வயது 11. வீட்டில் ஆங்கிலம், தமிழ் வகுப்பில் மட்டும். 'ழ' நன்றாக வரும், வகுப்பில் அவளைத்தான் சொல்லிக் காட்டச் சொல்வார்கள். மருத்துவர் வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

ஒலிப்பெட்டி:
'ழ' வருகிறதென்றால் நாக்கு வளைகிறது, ஒட்டு ஒன்றும் இல்லை. உங்கள் மகளுக்கு ஆங்கில ஒலி குறுக்கே வருகிறது. 'டீ', 'டவுன்', 'டர்பன்' எல்லாவற்றையும் நாம் ட போட்டுத்தான் எழுதுகிறோம். அதனால் ட என்ற எழுத்தைக் கண்டதும் அவள் ஆங்கிலத்தில் 'டீ' சொல்லும் இடத்தில் நாக்கை வைக்கிறாள். அந்த இடம் மேல்பல்லுக்குப் பின்னால் இருக்கும் ஈறு மேடு. பழைய முறையில் 'பற்று' சொல்பவர்களுக்கு ற்ற விழும் இடமும் அதுதான். ஒத்திகையில் கேட்டவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

ரோஸ்ஹில் தம்பி, உங்கள் பிள்ளைகள் பல்லில் நிற்கிறார்கள், இந்தப் பெண் மேட்டில் நிற்கிறாள். நீங்கள் சொன்னபடி பல்லை விட்டு எடு என்றால், "எடுத்துத்தானே இருக்கிறேன்" என்பாள்.

காதுக்குப் பிடிபடாவிட்டால் கண்ணால் பார்க்கலாம். கோகோ தூளை நாக்கின் நுனியில் மேலும் கீழும் மெல்லியதாகத் தடவி, ஒரே ஒரு முறை 'பட்டு' சொல்லச் சொல்லுங்கள். எச்சில் விழுங்கக் கூடாது. வாயைத் திறக்கச் சொல்லி, சிறிய கண்ணாடியும் போன் விளக்கும் வைத்து மேலே எங்கே கறை பட்டிருக்கிறது என்று பாருங்கள். வாய் கொப்பளித்துவிட்டுப் 'பத்து'. ப உதட்டில் முடிந்துவிடும், அ-வுக்கும் உ-வுக்கும் நாக்கின் நுனி மேலே படாது, ஆகவே அண்ணத்தில் விழும் கறை நடு எழுத்துடையது மட்டும்தான்.

ரோஸ்ஹில் வாசி:
நானே செய்து பார்த்தேன். 'பத்து'க்குப் பல்லின் பின்புறமெல்லாம் கறை. 'பட்டு'க்கு ஒன்றுமே படவில்லை! தூளை நாக்கின் மேல்பக்கம் மட்டும்தான் தடவினேன்.

ஒலிப்பெட்டி:
அப்படியானால் உங்கள் ட நல்ல ட. நுனி பின்னால் சுருண்டு அதன் அடிப்பக்கம் அண்ணத்தில் படுகிறது. மேல்பக்கத் தூள் அண்ணத்தைத் தொடவே இல்லை. அதற்காகத்தான் கீழேயும் தடவச் சொன்னேன்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாத்தா:
இந்த ற்ற எதற்கு? என் பாட்டி 'காத்து', 'நேத்து' என்றுதான் பேசுவார். 1860இல் மதராஸிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் கொண்டுவந்த பேச்சு அது. இப்போது வகுப்பில் பிள்ளைகள் 'காற்ரு' என்று ஒரு ர சேர்த்துப் படிக்கிறார்கள். கேட்கவே சங்கடமாக இருக்கிறது.

இலக்கணச் செம்மல்:
பேச்சு வேறு, மேடை வேறு ஐயா. 'காத்து' கொச்சை.

நல்லூரான்:
தாத்தா சொல்வது தமிழ்நாட்டுப் பேச்சு, கொச்சை என்று தள்ள வேண்டாம். ஆனால் யாழ்ப்பாணத்தில் எங்கள் பேச்சிலேயே ற்ற தனியாக நிற்கும், ஈறு மேட்டில் அழுத்தி. அதில் ர கிடையாது. மலையாளத்திலும் அப்படித்தான். ர சேர்ப்பது தமிழ்நாட்டில் எழுத்தைப் பார்த்துப் படிக்கும் பழக்கம்.

இலக்கணச் செம்மல்:
ர சேர்த்து வாசிப்பவர்கள் எல்லாரும் தவறு என்கிறீர்களா?

நல்லூரான்:
தவறு என்று எங்கே சொன்னேன்? மேலே போய் வாசியுங்கள்.

ஒலிப்பெட்டி:
இந்தச் சண்டைக்குத் தனி இழை தொடங்குங்கள், சனிக்கிழமை வந்துவிடும்.

அம்மா, பயிற்சி இது. 'பழ' என்று சொல்லி ழ-விலேயே நிற்கச் சொல்லுங்கள். அங்கே நாக்கு சுருண்டிருக்கும், ஆனால் எதையும் தொடாது. அந்த இடத்திலிருந்தே நுனியை மேலே ஒட்டி மூச்சை அடைத்து, ஒரு கணம் வைத்திருந்து, 'டு' என்று விடட்டும். விடும்போது நாக்கு முன்னால் உருண்டு வரும், அதைத் தடுக்க வேண்டாம். சுருளுவது ட-வில் தொடங்காது, அதற்கு முந்தைய அ-விலேயே தொடங்கிவிடும். நம் காதும் பாதி வித்தியாசத்தை அந்த அ-விலிருந்துதான் பிடிக்கிறது. அதனால் 'ப' என்று நிறுத்தி 'ட்டு' என்று வெட்டிச் சொல்லிப் பழக்கினால் பலிக்காது.

இன்னொன்று. உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடிக்கச் சொல்லுங்கள். 'டு' விடும்போது கையில் காற்று அடித்தால் ஆங்கில மூச்சு இன்னும் போகவில்லை.

மலர்:
அப்படியானால் 'ண', 'ள' இவற்றுக்கும் இதே இடம்தானா?

ஒலிப்பெட்டி:
கிட்டத்தட்ட. ஆனால் 'ள'வுக்குக் காற்று நாக்கின் ஓரமாகப் போகும். போட்டி முடியட்டும், பிறகு பேசலாம்.

சாட்ஸ்வொர்த் அம்மா:
தூள் வைத்துப் பார்த்தோம். முதலில் 'பட்டு'க்குக் கறை மேட்டிலேயே இருந்தது, நீங்கள் சொன்னபடியே. ழ-விலிருந்து போனதும் உள்ளே போய்விட்டது, எனக்கே வித்தியாசம் கேட்கிறது. ஆனால் இப்போது 'பத்து'வும் பின்னால் போகிறது!! அவசரம்.

ஒலிப்பெட்டி:
புதிதாகப் பழகியதை எல்லா இடத்திலும் போடுகிறாள். 'பட்டு', 'பத்து' இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்ல வையுங்கள், 'பட்டு'வை மட்டும் திரும்பத் திரும்ப வேண்டாம். 'பத்து'க்கு ஆங்கிலத்தில் 'தின்' என்று மெலிவைச் சொல்லும் இடத்துக்கு நாக்கு வரட்டும், ஆனால் பல்லிடுக்கில் காற்றுச் சீறக் கூடாது, முழுதாக அடைக்க வேண்டும். மேல்பல்லின் பின்புறம் கறை அகலமாக விழுந்தால் சரி.

ரோஸ்ஹில் வாசி:
இதற்கு எங்கள் பிள்ளைகளை அனுப்பவா? :)

பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாத்தா:
போட்டியில் 'காற்று' வந்தால் எப்படிச் சொல்லப் போகிறாள்? அதை யாரும் சொல்லவில்லையே.