எடைச் சீட்டில் நெட் 340 கிலோ குறைகிறது, எங்கே போனது?

முத்து:
அவசரம். இன்று துவாஸில் பழைய இரும்பு இறக்கினோம். சீட்டில் சரக்கோடு கிராஸ் 19,480, காலி வண்டிக்கு டேர் 11,120, கழித்தால் நெட் 8,360. எங்கள் யார்டு தராசில் 8,700 வந்தது. முதலாளி என்னைத்தான் கேட்கிறார். யாராவது சொல்லுங்கள்.

ரவி:
என்ன வண்டி? பின் என்கிற சரக்குத் தொட்டியைக் கழற்றி மாற்றும் ஹூக் லாரியா, டிப்பரா? இறக்கிய பிறகு காலி வண்டியை மறுபடி எடை மேடையில் ஏற்றினார்களா?

சேகர்:
மழைதான் காரணம். 6 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் அகலமுள்ள பின்னில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் நின்றாலே 144 கிலோ.

ஜெயந்தி:
சேகர், கணக்கு சரி, திசை தப்பு. சரக்கோடு வந்த தண்ணீர் கிராஸைக் கூட்டும். காலியாகும்போது அதுவும் கொட்டிவிட்டால் நெட் ஏறும். இவருக்கு இறங்கியிருக்கிறது.

மாணிக்கம்:
அடிப்படையே தெரியாமல் லோடு அனுப்புகிறீர்கள். வண்டியிலேயே காலி எடை எழுதியிருக்கும். கிராஸிலிருந்து அதைக் கழியுங்கள், முடிந்தது.

ஜெயந்தி:
மாணிக்கம் சார், அது பதிவுக்கான எடை. டிரைவர், டேங்கில் இருக்கும் டீசல், மாட்டியிருக்கும் பின் எல்லாம் அதில் அடங்காது. அதை வைத்துக் கழித்தால் பின்னையும் இரும்பு விலைக்கு விற்றதாக ஆகிவிடும்.

மாணிக்கம்:
நாங்கள் வருடக்கணக்காக அப்படித்தான் செய்கிறோம்.

ஃபாரூக்:
எனக்கும் இதே தலைவலி, ஆனால் கட்டட இடிபாடு. கொட்டுவதற்கு நெட் எடைக்கு நாங்கள்தான் பணம் கட்டுகிறோம். டேர் கூடினால் எங்களுக்கு லாபம், அதனால் யாரும் வாய் திறப்பதில்லை.

ரவி:
அண்ணே, அது வேறு கதை. முத்து, பதில் போடுங்கள்.

முத்து:
ஹூக் லாரி. காலியாக ஏற்றினார்களா என்று டிரைவருக்கு ஞாபகம் இல்லை.

ஜெயந்தி:
அப்படியானால் சீட்டில் நேரத்தைப் பாருங்கள். இரண்டு தடவை எடை போட்டால் உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் என்று இரண்டு பதிவாகும். ஒரே நேரம் இருந்தால், முன்பு எப்போதோ போட்ட டேரை வண்டி எண்ணோடு சேமித்துவைத்து அதையே கழித்திருக்கலாம். அந்த நாளில் கனமான பின் மாட்டியிருந்தால் இன்றைக்கும் அந்தக் கனம்தான் கழியும். பின் எண்ணையும் ஒப்பிடுங்கள். அடுத்த லோடில் இறக்கியதும் அதே பின்னோடு, அதே டிரைவர் உட்கார்ந்தபடியே காலி எடை கேளுங்கள்.

சேகர்:
யார்டு தராசு சரியா என்று முதலில் பார்க்க வேண்டாமா? சின்னத் தராசில் பல தடவை போட்டுக் கூட்டினால் பிழையும் சேர்ந்துகொண்டே போகும்.

ஜெயந்தி:
அதுவும் நியாயம். இரண்டையும் பாருங்கள்.

முத்து:
சீட்டில் ஒரே நேரம்தான். இன்று அதே பின்னோடு காலி எடை 10,780. பழைய லோடுக்குப் பணம் தருவார்களா தெரியவில்லை, பேசிக்கொண்டிருக்கிறோம். நன்றி அக்கா.

மாணிக்கம்:
டீசல் கூடக் குறைய இருந்தாலும் டேர் மாறும்.

ரவி:
340 கிலோவுக்கு 400 லிட்டர் டீசல் வேண்டும், சார்.