robots.txt-இல் இரண்டு வரி சேர்த்தால் பழைய பிரதி மறைந்துவிடுமா?

நீலமேகம்: என் தளத்தில் இருந்த சுயவிவரப் பக்கத்தை எடுத்துவிட்டேன். வீட்டு முகவரியுடன் கூடிய பழைய பிரதிகள், வலைப்பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷினில் இன்னும் திறக்கின்றன. தானியங்கி நிரல்கள் எதைத் தொடக்கூடாது என்று சொல்ல நம் தளத்தில் வைக்கும் robots.txt கோப்பில் இரண்டு வரி சேர்த்தால் போதும் என்று இங்கே பழையகணினி எழுதியிருந்தார். போதுமா?

வழங்கிக்காரர்: போதாது. எத்தனை முறை மறுத்தாலும் இந்த அறிவுரை இங்கே திரும்பத் திரும்ப வருவது எனக்கு எரிச்சலூட்டுகிறது.

```
User-agent: ia_archiver
Disallow: /
```

இப்படி எழுதினால் முன்பு சேமித்த பிரதிகளும் மறைந்த காலம் ஒன்று இருந்தது. ஆனால் காலாவதியான தளப்பெயரை வேறொருவர் வாங்கி இப்படியொரு கோப்பை வைத்தால், முந்தைய உரிமையாளர் எழுதியவை எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் போயின. வேபேக் மெஷினை நடத்தும் இன்டர்நெட் ஆர்க்கைவ் 2016 டிசம்பரில் அமெரிக்க அரசு, ராணுவத் தளங்களில் அந்தக் கோப்பைப் பொருட்படுத்துவதை நிறுத்தியது. அதை மற்ற தளங்களுக்கும் விரிவாக்க எண்ணுவதாக 2017 ஏப்ரலில் அறிவித்தது. ஆகவே பிரதிகளை நீக்கக் கோரி info@archive.org என்ற முகவரிக்கு மின்னஞ்சல் எழுதுங்கள்.

பழையகணினி: 2014-இல் என் தளத்தில் நானே செய்து பார்த்தேன், பிரதிகள் மறைந்தன. நீங்கள் அறிவிப்பைப் படித்துவிட்டுப் பேசுகிறீர்கள், நான் செய்துவிட்டுப் பேசுகிறேன். ஜாய் ரீட் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளரின் பழைய வலைப்பதிவு விவகாரத்தையும் நினைவூட்டுகிறேன். பிரதிகளை நீக்கும்படி அவருடைய வழக்கறிஞர்கள் 2017 டிசம்பரில் கேட்டபோது ஆர்க்கைவ் மறுத்தது. அதன்பின் அந்த வலைப்பதிவின் robots.txt-இல் தடை சேர்க்கப்பட்டதும் பிரதிகள் தானாகவே மறைந்தன. இதை 2018 ஏப்ரலில் ஆர்க்கைவே எழுதியது. மின்னஞ்சல் தோற்ற இடத்தில் robots.txt வென்றது, ஐயா.

வழங்கிக்காரர்: 2018-இல் நடந்தது இன்றும் நடக்கும் என்பதற்கு அது சான்றாகாது. மேலும், உங்கள் பிரதிகள் பிறகு திரும்பி வந்ததாக இதே இடத்தில் நீங்கள்தான் முன்பு எழுதினீர்கள்.

பழையகணினி: வழங்கியை மாற்றியபோது கோப்பைச் சேர்த்து ஏற்ற மறந்தேன், அதனால் வந்தன. அது என் தவறு, முறையின் தவறு அல்ல.

வழங்கிக்காரர்: ஒரு கோப்பு தவறினாலே திரும்பி வருமென்றால், அந்தப் பிரதிகள் அழியவே இல்லை, திரைக்குப் பின்னால்தான் இருந்தன என்று பொருள். அதோடு, மறைக்க விரும்பும் ஒரே பக்கத்தின் முகவரியை robots.txt-இல் எழுதினால், உலகில் எவரும் திறந்து படிக்கக்கூடிய கோப்பில் அதை நீங்களே அறிவிக்கிறீர்கள்.

கல்வெட்டுப்பிரியன்: இருவருமே தவறான இடத்தில் நிற்கிறீர்கள். ஒருமுறை வெளியிட்டதை மறைக்க ஏன் உதவ வேண்டும்? நாளை ஓர் அமைச்சரும் இதையே கேட்பார்.

வழங்கிக்காரர்: நீலமேகம் அமைச்சர் அல்லர், அவர் கேட்பது தன் வீட்டு முகவரியை மறைக்க. ஒவ்வொரு கோரிக்கையையும் அவர்கள் பரிசீலிக்கிறார்கள், மறுக்கவும் செய்கிறார்கள் என்பதை ரீட் விவகாரமே காட்டுகிறது.

மாலைத்தென்றல்: நான் படித்த பள்ளியின் தளத்தில் என் மதிப்பெண் பட்டியல் பல ஆண்டுகள் கிடந்தது. இப்போது எடுத்துவிட்டார்கள், பிரதி மட்டும் இருக்கிறது. நானும் robots.txt எழுதலாமா?

வழங்கிக்காரர்: அம்மா, அந்தத் தளம் உங்களுடையது அல்ல என்பதால் அந்தக் கோப்பை நீங்கள் தொடவே முடியாது. பள்ளி நிர்வாகத்தையே எழுதச் சொல்லுங்கள். அவர்கள் மறுத்தால், அதிலுள்ள தனிப்பட்ட விவரம் எது என்று குறிப்பிட்டு நீங்களே எழுதிப் பாருங்கள். உரிமையாளரின் கோரிக்கை அளவுக்கு அது எளிதாக இராது.

நீலமேகம், முதலில் உலாவியில் `https://web.archive.org/web/*/example.com/*` என்று, உங்கள் தளப்பெயரை இட்டுத் திறந்து பாருங்கள். சேமிக்கப்பட்ட முகவரிகள் எல்லாம் பட்டியலாக வரும். எந்த முகவரி, எந்தக் காலம், தளம் உங்களுடையது என்பதற்கு என்ன சான்று என்பதை எழுதி, இயன்றால் அதே தளப்பெயரிலுள்ள மின்னஞ்சலிலிருந்து அனுப்புங்கள்.

பழையகணினி: இவ்வளவு சுற்றுவதற்கு இரண்டு வரி எழுதிவிடலாம். 2018-க்கு இன்னும் பதில் வரவில்லை.

நீலமேகம்: வழங்கிக்காரர் சொன்னபடி சென்ற மாதமே ஆர்க்கைவுக்கு மின்னஞ்சல் எழுதிவிட்டேன், ஐயா. இப்போது பக்கத்தைத் திறந்தால் "This URL has been excluded from the Wayback Machine." என்று வருகிறது. ஆனால் அதில் இருந்த சான்றிதழின் படத்தை நேரடியாகத் தட்டினால் வீட்டு முகவரியுடன் திறக்கிறது.

வழங்கிக்காரர்: நீங்கள் resume.html-ஐ மட்டும் கொடுத்திருப்பீர்கள். படம் images என்ற வேறு அடைவில் இருந்தால் அதற்குத் தனி முகவரி. பக்கத்தை மறைத்தால் அது சேர்ந்து மறையாது. படத்தின் முகவரியை இட்டு, அதே கடிதத் தொடரில் மீண்டும் எழுதுங்கள்.

பழையகணினி: "Disallow: /" என்று எழுதியிருந்தால் படமும் சேர்ந்தே போயிருக்கும்.

வழங்கிக்காரர்: 2014-இல் போயிருக்கும்.

பழையகணினி: 2018-இலும் போனது.