ஸ்லைடில் கோடு மேலே போனால் கம்பி எந்தப் பக்கம்?

குன்னூர் மாணவி
கோயம்புத்தூரில் சிவில் படிக்கிறேன். வார இறுதியில் ஊருக்கு ஏறும்போது கல்லாறு வரைதான் கைப்பேசியைப் பார்க்க முடியும். அதற்கு மேல் வயிறு விடாது. அப்படி அவசரமாகப் பார்த்த ஸ்லைடால் ஒரு தேர்வில் மாட்டிக்கொண்டேன்.

6 மீட்டர் பீம். இடது முனையில் A தாங்கி, 4 மீட்டரில் B தாங்கி, மிச்சம் 2 மீட்டர் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறது. முழு நீளத்துக்கும் மீட்டருக்கு 10 கிலோநியூட்டன் சுமை. ஷியர் படம் A-யில் 15-இல் தொடங்கி, B-க்குச் சற்று முன் கழித்தல் 25-க்கு இறங்கி, அங்கே கூட்டல் 20-க்குத் தாவி, முனையில் சுழியாகிறது. மொமென்ட் படத்தில் A பக்கம் கோட்டுக்குக் கீழே சிறு தொப்பை, B-யில் மேலே கூர்மையான முகடு.

போன வார ஸ்லைடில் சாகிங், அதாவது பீம் தொய்ந்து கீழ்முகம் இழுபடுவது, கோட்டுக்கு மேலே இருந்தது. அதே நினைப்பில் B-யின் முகட்டையும் சாகிங் என்று படித்து, கம்பியைக் கீழே வரைந்துவிட்டேன். மதிப்பெண் சுழி. இந்த ஸ்லைடை இழுபடும் பக்கத்தில் வரைந்திருக்கிறார்கள். ஓரத்தில்கூட ஒரு வார்த்தை எழுதவில்லை.

கோத்தகிரி, ஓய்வுபெற்ற பொறியாளர்
நானும் ஒருமுறை இதில் சறுக்கியவன்தான் அம்மா. அதிலிருந்து குறியைப் பார்ப்பதில்லை, முதலில் நீட்டிய முனையைப் பார்ப்பேன். சுமை அதைக் கீழே அழுத்துகிறது, ஆகவே B-யில் மேல்முகம் இழுபடும், கம்பியும் அங்கேதான். இதில் மாற்றுக் கருத்துக்கே இடமில்லை. படத்தில் அந்தப் பகுதி எந்தப் பக்கம் விழுகிறதோ அதுதான் அந்த ஸ்லைடின் ஹாகிங், அதாவது மேல்முகம் இழுபடும் பக்கம், எதிர்ப்பக்கம் சாகிங்.

அளவு சரியா என்று ஷியர் படத்தின் பரப்பை வைத்துப் பார். ஷியர் 1.5 மீட்டரில் சுழியாகிறது. அதுவரை உள்ள முக்கோணம் 15 × 1.5 / 2 = 11.25. அடுத்த முக்கோணம் 25 × 2.5 / 2 = 31.25, அதைக் கழித்தால் B-யில் −20. ஸ்லைடில் 20 இருந்தால் இரண்டு படமும் ஒரே பீமுடையவை. வேறு எண் இருந்தால் யாரோ வெட்டி ஒட்டியிருக்கிறார்கள், அதையும் பார்த்திருக்கிறேன்.

ஊட்டி டிப்ளமோ
இவ்வளவு சுற்ற வேண்டுமா? ஷியர் சுழியாகும் இடத்தில்தான் மொமென்ட் அதிகம். 1.5 மீட்டர், 11.25. அதற்குக் கம்பி போட்டால் முடிந்தது. நான் அப்படித்தான் தேறினேன்.

கோத்தகிரி, ஓய்வுபெற்ற பொறியாளர்
பாதி சரி தம்பி. B-யில் ஷியர் −25-இலிருந்து +20-க்குத் தாவும்போதும் சுழியைத் தாண்டுகிறதே. சரிந்து வந்து தாண்டுவதை மட்டும் கண் பிடிக்கிறது, தாவலை விட்டுவிடுகிறது. பெரிய மொமென்ட் அங்கேதான் இருக்கிறது.

கொடைக்கானல் வீட்டுக்காரர்
எங்கள் பெரியப்பா வீட்டு பால்கனியிலும் இதே கதை. கொத்தனார் கம்பியைக் கீழே போட்டுவிட்டார். இரண்டாவது மழைக்காலத்தில் சுவரை ஒட்டி மேல்தளத்தில் நீளமாக ஒரு விரிசல். தண்ணீர் இறங்கி அறைக்குள் பாசி. மேலே சிமென்ட் பூசினால் நிற்குமா?

கோத்தகிரி, ஓய்வுபெற்ற பொறியாளர்
பூச்சு விரிசலை மறைக்கும், கம்பியின் இடத்தை மாற்றாது. அதில் ஆட்களை நிற்க விடாதீர்கள். பொறியாளர் ஒருவரை நேரில் வரவழையுங்கள்.

குன்னூர் மாணவி
நான் கேட்டது படம் பற்றி, இருந்தாலும் அந்த விரிசல்தான் எனக்கு நன்றாக மனத்தில் பதிந்தது. சார், இன்னொரு சந்தேகம். மொமென்ட் A-யிலிருந்து 3 மீட்டரில் பக்கம் மாறுகிறது. அப்படியானால் மேல்கம்பியை B-யிலிருந்து உள்ளே 1 மீட்டரோடு நிறுத்திவிடலாமா?

கோத்தகிரி, ஓய்வுபெற்ற பொறியாளர்
கூடாது. அந்த ஸ்லைடு ஒரே ஒரு சுமை நிலையின் படம். 10-இல் 6 பீமின் சொந்தச் சுமை என்றும், மிச்சம் 4 ஆட்களால் வருவது என்றும் வைத்துக்கொள். எல்லாரும் மூடுபனி பார்க்க நீட்டிய பகுதிக்கு வந்துவிட்டார்கள், உள்ளே யாருமில்லை. B-யில் மொமென்ட் அதே 20 தான். ஆனால் A-யின் தாங்குவிசை 15-இலிருந்து 7-ஆகக் குறைகிறது, பக்கம் மாறும் இடம் A-யிலிருந்து 2.33 மீட்டருக்கு நகர்கிறது. 1 மீட்டரோடு நிறுத்திய கம்பிக்கு அப்பால் இன்னும் 67 சென்டிமீட்டர் மேல்முகம் இழுபட்டுக்கொண்டிருக்கும். அந்த இடத்தைத் தாண்டியும் மேல்கம்பியில் மூன்றில் ஒரு பங்காவது கொஞ்சம் நீள வேண்டும் என்கிறது நம் கான்கிரீட் விதிநூல் IS 456.

ஊட்டி டிப்ளமோ
தாவலை நான் கவனிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். தேர்வில் மட்டும் சாகிங்கை மேலே வரை தங்கச்சி. திருத்துபவர்கள் அதற்குத்தான் பழகியவர்கள்.

கோத்தகிரி, ஓய்வுபெற்ற பொறியாளர்
எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வரையட்டும், 'இழுபடும் பக்கம்' என்று அம்புக்குறி போட்டு எழுதிவிட வேண்டும்.

குன்னூர் மாணவி
எங்கள் ஆசிரியரிடம் எந்தப் பக்கம் என்று கேட்டேன். "புத்தகத்தில் இருப்பதுபோல" என்றார். என்னிடம் இருப்பது இரண்டு புத்தகம்.