காரணம் சொல்லாமல் ஒப்பந்தத்தை முடிக்க மெயில் போதுமா? வெண்டர் "இது நோட்டீஸே இல்லை" என்கிறார்

பர்ச்சேஸ்_பாலா:
எங்களுடையது பெரிய கம்பெனி. ஐடி சப்போர்ட் வெண்டருடன் 3 வருட ஒப்பந்தம், இன்னும் 14 மாதம் பாக்கி. 'டெர்மினேஷன் ஃபார் கன்வீனியன்ஸ்' ஷரத்துப்படி 60 நாள் எழுத்துமூல நோட்டீஸ் கொடுத்து நாங்கள் விலகலாம். எங்கள் ஐடி மேலாளர் ஜூன் 5 அன்று, அவர்களுடைய குளறுபடிகளைப் பட்டியல் போட்டு அக்கவுண்ட் மேனேஜருக்கு மெயில் அனுப்பினார். செல்லாது என்கிறார்கள். மாதம் 4 லட்சம் பில். என்ன செய்வது?

குமரன்76:
மெயிலும் எழுத்துமூலம்தானே? 2000-ம் வருட ஐடி சட்டம் ஏற்கிறது. 60 நாள் ஓட ஆரம்பித்துவிட்டது. காரணங்களை எழுதியதும் நல்லதுதான்.

வக்கீல்_சாந்தி:
குமரன் சார் சொல்வதில் பாதி சரி. மெயிலைச் சட்டம் ஏற்கும்; ஆனால் நோட்டீஸ் எப்படிப் போக வேண்டும் என்று ஒப்பந்தமே சொல்லியிருந்தால் அதன்படிதான் போக வேண்டும். பின்பக்கங்களில் 'நோட்டீஸ்' என்று தனி ஷரத்து இருக்கும், பாருங்கள்.

காரணங்களை எழுதியதுதான் எனக்கு உறுத்துகிறது. தவறுக்காக முடிப்பது வேறு ஷரத்து. அதில் சரிசெய்ய 30 நாள் அவகாசம் தரவேண்டும் என்று பெரும்பாலும் இருக்கும். "எங்களைக் குற்றம்சாட்டி நீக்கினீர்கள், அவகாசமே தரவில்லை" என்று வாதிடுவார்கள். காரணமே கேட்காத வழி இருக்கும்போது அந்தச் சண்டை எதற்கு?

புது நோட்டீஸ் ஒரு பக்கம் போதும். ஷரத்து எண், மொத்த ஒப்பந்தமா ஒரு வொர்க் ஆர்டர் மட்டுமா, முடியும் தேதி, கையெழுத்திட அதிகாரமுள்ளவர் கையெழுத்து. முந்தைய மெயிலால் வந்த உரிமையையும் பழைய பாக்கிகளையும் விட்டுத்தரவில்லை என்று ஒரு வரி. கிடைத்த நாளிலிருந்து எண்ணுவது என்றால், ஜூன் 12 கூரியர் சேர்ந்தால் ஆகஸ்ட் 11 முடியும்.

சின்ன_வெண்டர்:
மேடம், நான் எதிர்ப்பக்கம். 30 நாள் நோட்டீஸில் எங்களை நீக்கினார்கள். மீதி 2 வருடப் பணத்தைக் கேட்க முடியுமா?

வக்கீல்_சாந்தி:
கஷ்டம்தான். இந்தியன் ஆயில் – அமிர்தசரஸ் கேஸ் வழக்கில் 1990-ல் உச்ச நீதிமன்றம், 30 நாள் நோட்டீஸில் முடிக்கக்கூடிய ஒப்பந்தத்துக்கு அந்த 30 நாள் இழப்பீடுதான் என்றது. குறைந்தபட்ச காலம், லாக்-இன் என்று ஏதாவது எழுதியிருந்தால் கதை வேறு.

பர்ச்சேஸ்_பாலா:
பார்த்துவிட்டேன் மேடம். பதிவு அலுவலகத்துக்குக் கூரியர், சட்டப் பிரிவுக்கு நகல். நாளைக்கே அனுப்புகிறோம். ஆனால் ஒப்பந்தத்தின் இணைப்பில், எங்களுக்காக வாங்கிய லைசென்ஸில் மீட்காத செலவை நாங்கள் தரவேண்டும் என்று இருக்கிறது. 9 லட்சம் கேட்பார்கள் போல.

குமரன்76:
கடைசி பில்லை நிறுத்தி வையுங்கள், தானாக இறங்கி வருவார்கள்!

வக்கீல்_சாந்தி:
அதை மட்டும் செய்யாதீர்கள். ஒப்பந்த மீறல் உங்கள் பக்கம் திரும்பிவிடும். லைசென்ஸ் இன்வாய்ஸ் கேளுங்கள், எந்தத் தேதி, யார் பேரில் என்று. ரத்து செய்யலாமா, வேறு வாடிக்கையாளருக்கு மாற்றலாமா என்றும் எழுத்தில் கேளுங்கள். மாற்ற முடிந்ததையும் கழிக்கவேண்டுமா என்பது இணைப்பின் வாசகத்தைப் பொறுத்தது. அந்தப் பத்தியை இங்கே போடுங்கள்.