உதவி: 10 ஃபெம்டோ செகண்ட் பல்ஸுக்கு ஸ்பெக்ட்ரம் இரு மடங்கா வருது

மின்மினி27: நாளைக்குக் காட்டணும், அவசரம். 800 நானோமீட்டர், 10 ஃபெம்டோ செகண்ட் காஸியன் பல்ஸ். ஃபூரியர் எடுத்தா அகலம் 88 டெராஹெர்ட்ஸ். 0.441-ஐ 10 ஃபெம்டோவால வகுத்தா 44 தானே வரணும்?

செல்வி: கோடு எங்கங்க? 10-ங்கிறது ஃபீல்டோட அகலமா, இன்டென்சிட்டியோடதா?

வட்டம்: நெகட்டிவ் அதிர்வெண்ணும் சேர்ந்திருக்கும். ரெண்டால வகுத்துடுங்க.

மின்மினி27:
```
E = np.exp(-4*np.log(2)*t**2/tau**2) * np.cos(2*np.pi*f0*t)
S = np.abs(np.fft.rfft(E))
```

பழைய லேசர்: வட்டம், `rfft` நெகட்டிவ் பக்கத்தைத் தர்றதே இல்ல. தந்தாலும் அது −375-ல தனி மேடு, இந்த மேடு அகலமாகாது. விடை ஒத்து வருதுன்னு ரெண்டால வகுக்கிற பழக்கத்தை விடுங்க.

செல்வி: ரெண்டு இடத்துல √2 விட்டுப்போச்சு. 0.441 இன்டென்சிட்டிக்கான எண். நீங்க 10-ஐ ஃபீல்டுக்குக் கொடுத்ததால நிஜப் பல்ஸ் 7.07 ஃபெம்டோ ஆயிடுச்சு, அதுக்கு 62 டெராஹெர்ட்ஸ் வேணும். அப்புறம் வர்க்கம் எடுக்காம அளந்ததால 62 இன்னும் விரிஞ்சு 88. மேல `-2*np.log(2)`, கீழ `**2` போடுங்க. `t` மொத்தம் 2 பிகோ செகண்டாவது இருக்கட்டும். 200 ஃபெம்டோன்னா புள்ளிக்குப் புள்ளி 5 டெராஹெர்ட்ஸ் தள்ளி விழும்.

வட்டம்: சரி, தப்புதான். ஆனா ஒரே நிறத்த வெச்சு ஏன் குட்டி பல்ஸ் முடியாது? ஹைசன்பர்க்தானே காரணம்?

பழைய லேசர்: குவாண்டம் எதுக்கு இங்க? கைதட்டுற சத்தத்துக்கும் இதே கணக்குதான்.

செல்வி: ஒரே அதிர்வெண் அலைக்கு முடிவே கிடையாது. பல்ஸ் நடுவுல எல்லா அலையும் ஒண்ணா ஏறணும், கொஞ்சம் தள்ளினதும் ஒண்ணையொண்ணு அழிக்கணும். 44 டெராஹெர்ட்ஸ் தள்ளியிருக்கிற ரெண்டு அலை எதிரெதிரா திரும்ப சுமார் 11 ஃபெம்டோ ஆகும். 5 தான் தள்ளியிருந்தா 100. அவ்வளவு நேரம் அழியாம நீளும். 10 நானோமீட்டர் ஃபில்டர் வழியா விட்டா உங்க 10 ஃபெம்டோ பல்ஸ் 94 ஆகிறது இதனாலதான்.

பழைய லேசர்: ஹைசன்பர்க் நிச்சயமின்மையும் இதே ஃபூரியர்லேர்ந்துதான் வருது. காரணத்தைத் தலைகீழா சொல்லாதீங்க.

வட்டம்: ஃபோட்டான் ஒண்ணே ஒண்ணு இருந்தா?

நீலாங்கரை: எனக்கும் இதே பிரச்சினை. ஸ்பெக்ட்ரம் 94 நானோமீட்டர் அகலம் இருக்கு, ஆட்டோகோரிலேட்டர்ல 20 ஃபெம்டோ காட்டுது.

செல்வி: இது வேற பிரச்சினைங்க. காஸியன்னா அந்த 20-ஐ 1.41-ஆல வகுக்கணும், பல்ஸ் 14. ஸ்பெக்ட்ரம் அகலமா இருந்தா மட்டும் போதாது, எல்லா நிறமும் ஒரே நேரத்துல வந்து சேரணும். 1 மில்லிமீட்டர் ஃபியூஸ்டு சிலிக்காவே 10-ஐ 14 ஆக்கிடும். வழியில என்னென்ன கண்ணாடி இருக்கு?

மின்மினி27: 44 வந்துருச்சு. நன்றி.

நீலாங்கரை: ஒரு லென்ஸ், ஒரு ஜன்னல். தடிமன் பாத்துட்டு சொல்றேன்.